பாலாற்று வெள்ளப் படமும் 64 பிட் கைரேகையும்: ரிவர்ஸ் இமேஜ் தேடல், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மழை வலுத்தால் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று வகைப் படங்கள் சுற்றும். பாலாற்றில் வெள்ளம் போகும் படம், பள்ளி விடுமுறை என்று ஆட்சியர் பெயரில் வரும் அறிவிப்பு, சேனல் பெயர் போட்ட நியூஸ் கார்டு. பாதிக்குமேல் பழசு. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது எடுத்த படங்கள் ஒவ்வொரு மழைக்கும் "இன்று காலை" என்ற வரியோடு திரும்பி வருகின்றன. இவற்றைச் சரிபார்க்க, படத்தைக் கொடுத்தால் இணையத்தில் தேடித் தரும் TinEye, Google Lens, Yandex மூன்றையும், படத்தைச் சுருக்கி அதன் கைரேகையாக ஒரு சிறிய எண் அடையாளம் எடுக்கும், கணினியிலேயே ஓடும் imagehash என்ற பைதான் நூலகத்தையும் நெடுநாளாகப் பயன்படுத்தியதில் தெளிவான விஷயம் இது: படத்தின் கைரேகை "இது அதே படமா" என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பது புரிந்துவிட்டால் எந்தக் கருவியை எங்கே நம்பலாம் என்பதும் தானாகப் புரியும்.

எளிமையான கைரேகை முறை டிஹேஷ். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் நீல் கிராவெட்ஸ் 2013இல் இதை விளக்கி எழுதினார்; அதன்பிறகு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 9 புள்ளி அகலம், 8 புள்ளி உயரத்துக்குச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் வலப்பக்கப் புள்ளி இடப்பக்கத்தைவிட வெளிச்சமா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் 1, இல்லையென்றால் 0. வரிசைக்கு 8 ஒப்பீடு, 8 வரிசை, ஆக 64 பிட். அவ்வளவுதான் கைரேகை.

வேலூர்க் கோட்டை அகழிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் இருண்ட மதில், வலப்பக்கம் திறந்த வானம். சுருக்கிய பிறகு ஒரு வரிசையின் வெளிச்ச அளவுகள் இப்படி இருக்கின்றன என்று வையுங்கள்: 62, 64, 71, 90, 133, 170, 188, 190, 187. கடைசி ஒப்பீடு தவிர எல்லாவற்றிலும் வலப்பக்கம்தான் வெளிச்சம். கிடைக்கும் பிட்டுகள் 11111110.

இப்போது யாரோ படத்தின் பிரைட்னஸை 20 கூட்டி அனுப்புகிறார். எல்லா எண்ணும் 20 ஏறுகிறது, எது பெரிது எது சிறிது என்பது மாறவில்லை. அதே 11111110. அடுத்து, பல கை மாறி ஃபார்வர்டான படம். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் எண்கள் ஒன்றிரண்டு அசையும்: 63, 63, 72, 89, 134, 169, 189, 189, 188. பிட்டுகள் 01111100 ஆகின்றன. முதலாவதும் ஏழாவதும் மாறியிருக்கின்றன, வித்தியாசம் 2. மாறிய இடங்களைக் கவனியுங்கள்: 62க்கும் 64க்கும் நடுவே, 188க்கும் 190க்கும் நடுவே. அக்கம்பக்கம் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் பிட் தடுமாறும். மதிலிலிருந்து வானத்துக்கு ஏறும் நடுப்பகுதி அசையவே இல்லை. அதனால்தான் மேகமில்லாத வானம் முக்கால்வாசி நிறைந்த படங்களில் கைரேகையை அவ்வளவாக நம்ப முடிவதில்லை.

படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பினால் கதையே வேறு. 187, 190, 188, 170, 133, 90, 71, 64, 62. பிட்டுகள் 10000000. எட்டில் ஆறு மாறிவிட்டது. திருட்டுப் படம் போடுபவர்கள் முதலில் செய்வது இதுதான், அதுவும் இதனால்தான். ஆனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை நேர் எதிரே நின்று எடுத்த படத்தைத் திருப்பினால் கைரேகை அவ்வளவாக மாறாது. இரு பக்கமும் சமமாக இருப்பதால் திருப்பினாலும் அதே ஏற்ற இறக்கம்தான். ஆகவே எந்தப் படத்தைச் சோதித்தாலும் திருப்பிய பிரதியையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. இணையத் தேடலிலும் அப்படியே: ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் போன் கேலரியிலேயே திருப்பி, மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

கணினியில் ஒப்பிட இந்தச் சில வரிகள் போதும்:

```python
from PIL import Image, ImageOps
import imagehash

def h(p):
    im = ImageOps.exif_transpose(Image.open(p))
    return imagehash.dhash(im)

print(h("a.jpg") - h("b.jpg"))
```

வரும் எண், 64இல் எத்தனை பிட் வேறுபடுகிறது என்பது. 0 என்றால் அநேகமாக அதே படம். 10 வரை வந்தால் அதே படத்தின் மாற்றிய வடிவமாக இருக்கலாம், கண்ணால் பார்க்க வேண்டும். சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்குச் சராசரி 32ஐ ஒட்டி வரும். ஆனால் மேலே வானம் கீழே தரை என்று எல்லாரும் ஒரே மாதிரி எடுப்பதால் 20க்குக் கீழேயும் வருவதுண்டு. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அந்த exif_transpose வரியை விட்டுவிடாதீர்கள். போனை நெட்டாகப் பிடித்து எடுத்த படம் பல போன்களில் படுத்தபடியேதான் கோப்பில் இருக்கும். "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். வாட்ஸ்அப் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டுப் படத்தையே நிமிர்த்தி அனுப்புகிறது. திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கைரேகை எடுத்தால் 30ஐ ஒட்டி வித்தியாசம் காட்டும். ஸ்டுடியோக்களில் வாடிக்கையாளர் அனுப்பிய படத்தை மூலப்படங்களோடு பொருத்தும்போது "எதுவுமே பொருந்தவில்லை" என்று நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

அடுத்த பெரிய தொல்லை ஸ்க்ரீன்ஷாட். 1080க்கு 2400 திரையில் 4க்கு 3 விகிதக் கிடைமட்டப் படம் ஒன்றைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால், படம் ஏறத்தாழ 810 புள்ளி உயரம்தான் பிடிக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. எட்டு வரிசையில் நடுவில் நான்கில்தான் படம் படும், அதிலும் இரண்டில் ஓரமாக மட்டும். மற்ற நான்கும் வெறும் கறுப்பு, அதாவது 32 பிட் ஏறக்குறைய எல்லாமே 0. இப்படிப்பட்ட எந்த இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டுகளை ஒப்பிட்டாலும் அந்த 32 பிட் ஏறக்குறைய பொருந்திவிடும். மீதி 32இல் பாதி மாறினாலும் வித்தியாசம் 16தான். கல்யாணப் படமும் வெள்ளப் படமும் சம்பந்தமுள்ளவைபோல வந்து நிற்கும். பட்டையை வெட்டிவிட்டுத்தான் கைரேகை எடுக்க வேண்டும், தேடவும் வேண்டும். முடிந்தால் ஸ்க்ரீன்ஷாட்டே வேண்டாம், படத்தைச் சேமித்து ஏற்றுங்கள்.

ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் டிஹேஷ் தாங்கும். கால்பங்கு வெட்டினால் தாங்காது, வரிசைகள் எல்லாம் இடம் மாறிவிடும். வெட்டிய படத்தைக் கண்டுபிடிக்க, படம் முழுவதற்கும் ஒரே கைரேகை என்ற எண்ணத்தை விட்டு, மூலைகள், ஜன்னல் விளிம்புகள் போன்ற நூற்றுக்கணக்கான சிறு இடங்களுக்குத் தனித்தனியாக அடையாளம் எடுக்க வேண்டும். கணினி விஞ்ஞானி டேவிட் லோவின் சிஃப்ட் முறை இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு இடத்தையும் 128 எண்களால் விவரிக்கிறது. பாதிப் படம் போனாலும் மீதியில் இருக்கும் இடங்கள் பொருந்தும்.

இனி இணையக் கருவிகள். TinEye 2008இலிருந்து இருக்கிறது, "அதே படம்" தேட அதுவே முதல் இடம். பாலாற்று வெள்ளப் படத்தை ஏற்றி, வரிசையை Oldest என்று மாற்றுங்கள். 2021 நவம்பர் தேதி ஒன்று வந்துவிட்டால் "இன்று காலை" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் அங்கே தெரியும் தேதி TinEye அந்தப் பக்கத்தைப் பார்த்த தேதி, படம் வெளியான தேதி அல்ல. படம் அதற்கு முன்பே வந்திருக்கலாம். பழையது என்று நிரூபிக்க அந்தத் தேதி உதவும். புதியது என்று நிரூபிக்க உதவாது. இணைப்பைத் திறந்து செய்தியின் தேதியையும் பாருங்கள்.

Google Lens வேறு ரகம். அது படத்தில் உள்ள பொருளைப் புரிந்துகொண்டு அதைப் போன்றவற்றைக் காட்டும். பாலாற்றுப் பாலத்தைக் கொடுத்தால் காவிரிப் பாலமும் வரும், ஏனென்றால் இரண்டும் தூண் வரிசையும் செந்தண்ணீரும்தான். முதலில் காட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் Exact matches பகுதிக்குப் போக வேண்டும். இடம் எது என்று தேடும்போதோ இந்தக் குணமே பலம். தேர்வுச் சட்டத்தைச் சுருக்கி, தண்ணீரை விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரையோ பின்னால் தெரியும் மலையையோ மட்டும் கொடுங்கள். இடம் தேடுவதில் Yandex சில நேரம் Lens தவறவிட்டதைப் பிடிக்கிறது. மூன்றாவதாக அதையும் பார்ப்பது வீண் இல்லை.

மூன்றிலும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் படம் புதியது என்று அர்த்தம் இல்லை. வாட்ஸ்அப் குழுவுக்குள் மட்டும் சுற்றிய படத்தை எந்தத் தேடுபொறியும் பார்த்திருக்காது. ஆதார் அட்டை, குழந்தைகள் படம் போன்றவற்றை இந்தத் தளங்களில் ஏற்றவே வேண்டாம். அவற்றுக்குக் கணினியிலேயே கைரேகை எடுப்பது போதும்.

விடுமுறை அறிவிப்பும் நியூஸ் கார்டும்தான் கைரேகை முழுக்கத் தோற்கும் இடம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, 9க்கு 8 ஆகச் சுருக்கினால் ஒரு எழுத்துகூட மிஞ்சாது. போன வருட அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றியிருந்தால் வித்தியாசம் 0 அல்லது ஒன்றிரண்டுதான் வரலாம். "அதே படம்தான், சரியாக இருக்கிறது" என்று படித்தால் பொய்யை உறுதி செய்தவர்களாகிவிடுவோம். ஒரே சேனலின் இரண்டு கார்டுகளும் அப்படியே, வார்ப்பு ஒன்று என்பதால் செய்தி வேறாக இருந்தாலும் பொருந்தும். இங்கே எழுத்தைப் படிப்பதுதான் வழி. வேலூர் மாவட்டப் பட்டியலில் வாணியம்பாடியோ அரக்கோணமோ இருந்தால் அது 2019 நவம்பரில் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய தாள்.

சந்தேகப்படும் அறிவிப்புக்குப் பழைய மூலம் கையில் கிடைத்துவிட்டால், இரண்டையும் கழித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவில், ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். கேமராவில் சாய்வாக எடுத்த தாளுக்கு இது ஒத்துவராது.

```python
from PIL import Image, ImageChops
a = Image.open("old.jpg").convert("L")
b = Image.open("new.jpg").convert("L").resize(a.size)
d = ImageChops.difference(a, b)
print(d.point(lambda v: 255 if v > 60 else 0).getbbox())
```

அந்த 60 எதற்கு என்றால், ஃபார்வர்டில் எழுத்து விளிம்புகளில் ஏற்படும் சிறு அசைவுகளை ஒதுக்க. படம் மிகவும் மங்கியிருந்தால் 90 வரை ஏற்றலாம். None என்று வந்தால் அந்த அளவைத் தாண்டிய மாற்றம் எதுவும் அகப்படவில்லை. நான்கு எண்கள் வந்தால், அவை மாறிய பகுதியின் இட, மேல், வல, கீழ் எல்லைகள். தேதியை மட்டும் மாற்றிய தாளில் அந்தச் சட்டம் தேதி வரியின் மேல் வந்து உட்காரும். சட்டம் தாள் முழுவதையும் பிடித்தால் இரண்டும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஓரங்களை ஒரே மாதிரி வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.