ஆவணியில் வீடு மாறுகிறீர்களா? லிஃப்ட் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்

ஈரோட்டிலிருந்து கோவை சரவணம்பட்டியில் ஐந்தாவது மாடி ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். சாமான் ஏற்றிவந்த பேக்கர்ஸ் கம்பெனி செய்ததை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆடியில் நம் பக்கம் யாரும் வீடு மாறுவதில்லை. அதனால் ஆவணியின் முதல் முகூர்த்த நாட்களில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள், கம்பெனிக்காரர்களும் ஒரே வண்டிக்கு இரண்டு வீடு ஒப்புக்கொள்கிறார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். முந்தின நாள் ராத்திரிகூடக் கேட்டேன். "காலைல ஏழு மணிக்கு வண்டி வந்துருங்க்கா, கன்ஃபார்ம்" என்றார் புக்கிங் பார்த்தவர். வண்டி வந்தது பதினொன்றரைக்கு. பெருந்துறையில் வேறொரு வீட்டை இறக்கிவிட்டு வந்ததாக டிரைவர் அண்ணன்தான் சொன்னார். புக்கிங் ஆளுக்கும் டிரைவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

புது வீட்டில் சர்வீஸ் லிஃப்டை அசோசியேஷனில் பதினொன்று முதல் இரண்டு வரை எங்களுக்கு எழுதி வைத்திருந்தோம். சாமான் ஏற்றி, அவிநாசி வழியாக வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து. லிஃப்டில் வேறு குடும்பம் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு மேல் சாமான் ஏற்ற அங்கே அனுமதி இல்லை.

அப்போதுதான் லோடுமேன்கள் கேட்டார்கள்: படியில் ஏற்ற மாடிக்கு 600 ரூபாய், மொத்தம் 3,000. கொடுக்காவிட்டால் கீழேயே இறக்கிவிட்டுப் போவார்களாம். கொட்டேஷனில் "ஐந்தாவது மாடி, லிஃப்ட் உண்டு" என்றுதான் இருந்தது. ஆனால் அடியில் பொடி எழுத்தில், லிஃப்ட் கிடைக்காவிட்டால் மாடிக்கூலி வாடிக்கையாளர் பொறுப்பு என்று ஒரு வரி. லிஃப்ட் கைவிட்டுப் போனதே அவர்கள் தாமதத்தால்! அதைச் சொன்னால் ஆபீஸ் போனை எடுக்கவில்லை.

செக்ரட்டரி அய்யா நல்ல மனிதர், லிஃப்ட் காலியானதும் அரை மணி நேரம் கொடுத்தார். பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றும் லிஃப்டில் ஏறின. மீதி பெட்டிகளுக்குப் படிதான். 1,500 ரூபாய் கொடுத்துத்தான் முடிந்தது. அது வயிற்றெரிச்சல் பணம்.

"ஏழு மணிக்கு வண்டி" என்ற பேச்சை நம்பாதீர்கள். அன்றைக்கு உங்கள் வீடு மட்டும்தானா என்று கேளுங்கள். இறக்கும் இடத்து கேட்டுக்கு எத்தனை மணிக்கு வரும், வண்டி நம்பர், டிரைவர் நம்பர் எல்லாம் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வரட்டும். டிரைவரிடம் நீங்களே பேசுங்கள். முன்பணம் அனுப்பும் முன் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "ஐந்தாவது மாடி. சர்வீஸ் லிஃப்ட் பதினொன்று முதல் இரண்டு வரை. வண்டி தாமதமாகி லிஃப்ட் போனால் மாடிக்கூலி உங்கள் கம்பெனி பொறுப்பு." அதற்குச் "சரி" என்று பதில் தராதவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.