எட்டாம் மாதம் 15: அப்படியே விடுவதா, தேதியாக மாற்றுவதா?

சீனக் கதையொன்றில் 'எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள்' என்று வருகிறது. தமிழில் மொழிபெயர்க்கும்போது இதை 'ஆகஸ்ட் 15' என்று எழுதினால் தவறு. அது சந்திர மாதம்; அமாவாசையில் தொடங்குவது. பதினைந்தாம் நாள் என்றாலே ஏறக்குறைய பௌர்ணமிதான்.

மிச்சமிருப்பது இரண்டு வழி. ஒன்று, நம் நாட்காட்டித் தேதியாக மாற்றுவது. 2024இல் அந்த நாள் செப்டம்பர் 17. 2025இல் அக்டோபர் 6, ஏனென்றால் அந்த ஆண்டு ஆறாம் மாதத்துக்குப் பின் ஒரு கூடுதல் மாதம் வந்தது. ஆண்டு தெரிந்த செய்திக்கோ அறிவிப்புக்கோ இதுதான் சரி. ஆண்டே சொல்லாத கதையில் எந்தத் தேதியைப் போடுவது?

மற்றொன்று, 'சந்திர மாதம் எட்டு, பதினைந்தாம் நாள்' என்று விடுவது. 'சந்திர' என்ற சொல்லை விட்டுவிட்டால், சித்திரையிலிருந்து எண்ணி கார்த்திகைக்குப் போய்விடுபவர்களும் உண்டு. கதைக்கு நான் இதையே எடுப்பேன். அடுத்த வரியில் நாயகி முற்றத்தில் நிலவைப் பார்த்து அழும்போது, அது ஏன் முழுநிலவு என்று வாசகருக்குத் தானாகவே புரியும். 'செப்டம்பர் 17' என்று போட்டால் அது போச்சு.