நடக்கிற காதுக்கு எழுதுவது: மொழிபெயர்ப்பா, மொழிக்கொரு ஸ்கிரிப்டா?

மதுரையில் புதுமண்டபத்தில் தொடங்கி எழுகடல் தெரு, விளக்குத்தூண், பத்துத்தூண் வழியாகத் திருமலை நாயக்கர் மகாலில் முடிகிற ஒரு நடைக்கு ஆடியோ வழிகாட்டி எழுதினோம். நாலு பேர், மூன்று மொழி: தமிழ், ஆங்கிலம், இந்தி. முதல் தடவை ஆங்கிலத்தில் ஒன்றை எழுதி மற்ற இரண்டுக்கும் மொழிபெயர்த்தோம். இரண்டாம் தடவை மொழிக்கு ஒருவர் தனியாக எழுதினார். இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டு அதே தெருவில் நடந்து பார்த்ததில் கிடைத்த ஒப்பீடு இது.

அதற்கு முன்னால் ஆடியோவை எப்படி ஓடவிடுவது என்ற கேள்வியை முடித்துவிடலாம். வழி மூன்று. முதல் வழி, தொடக்கத்தில் ஒருமுறை அழுத்தினால் கடைசிவரை ஓடுகிற ஒரே பதிவு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் கேட்பவர் ஜிகர்தண்டா குடிக்க ஐந்து நிமிடம் நின்றால் கதை அவரை விட்டுவிட்டு மகாலுக்குப் போய்விடும். கடைவீதியில் மனிதர் நடக்கும் வேகத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காலை ஏழு மணிக்கு ஒன்றரை நிமிடத்தில் கடக்கிற நூறு மீட்டர், தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆறு நிமிடம் பிடிக்கும்.

இரண்டாவது, ஜி.பி.எஸ். பார்த்துத் தானாகவே ஓடும் பதிவு. திறந்த வானத்தின் கீழ் போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இடம் காட்டும். இருபுறமும் மாடிக் கடைகள் நெருங்கி நிற்கிற சந்தில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். நடுவே தொங்கும் தார்ப்பாய் வேறு. அந்தப் பகுதியில் விளக்குத்தூணும் பத்துத்தூணும் கிட்டத்தில் இருக்கின்றன. விளக்குத்தூண் அடியில் நிற்கும்போதே பத்துத்தூண் கதை தொடங்கிவிட்டது. ஊரை வெளியிலிருந்து பார்க்கிற அகலமான பாதைக்கு இது பொருந்தும், சந்துகளுக்கு ஆகாது.

மூன்றாவது, நிறுத்தத்துக்கு ஒரு துண்டு. வந்து சேர்ந்தபின் கேட்பவரே அழுத்திக்கொள்ள வேண்டும். நாங்கள் இதையே எடுத்தோம், ஒரு சின்ன மாற்றத்தோடு. கதைத் துண்டு வேறு, வழித் துண்டு வேறு. காரணம், தெரு சீக்கிரம் மாறும், கதை மாறாது. புதுமண்டபத்தில் எத்தனையோ காலம் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் இருந்தன. பிறகு அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. "தையல் மெஷின் சத்தம் கேட்கிறதா?" என்று கதைக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால் மூன்று மொழியிலும் முழுதாக மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும். வழித் துண்டு இருபது விநாடிதான். மாற்றுவது சுலபம்.

சரி, இப்போது மொழிக்கு வருவோம்.

பத்துத்தூண் நிறுத்தத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து. அதில் திருமலை நாயக்கரின் பழைய அரண்மனை வளாகத்தில் மிஞ்சிய பத்துக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இங்கே நின்று கேட்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் நின்று பார்த்தோம். ஒரு நிமிடம் தாண்டினால் சுமை தூக்கி வருபவர் "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்பார், அல்லது கடைக்காரரே "என்ன பாக்குறீங்க, சேலையா?" என்று கேட்பார். ஆக 70 விநாடி. இந்த எண்ணைக் கொடுத்தது தெரு. எந்த மொழியில் எழுதினாலும் இதற்குள் முடிய வேண்டும். மகாலுக்குள் போய்விட்டால் மூன்று நிமிடம்கூடத் தாராளமாகப் பேசலாம். விளக்குத்தூண் பக்கம் ஹாரன் சத்தத்தில் 40 விநாடிக்கு மேல் தாங்காது.

மொழிபெயர்ப்பு முறையில் ஆங்கில ஸ்கிரிப்ட் 145 சொல். நிதானமாகப் படித்தால் 70 விநாடிக்குள் கச்சிதமாக முடிந்தது. தமிழாக்கம் 110 சொல். சொல் குறைந்திருக்கிறதே, நேரமும் குறையும் என்று நினைத்தோம். படித்தால் 83 விநாடி! தமிழில் வேற்றுமை உருபு, காலம், இடம் எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால் சொல்லின் எண்ணிக்கை குறையும், வாய் ஆடும் நேரம் குறையாது. இந்தியில் இதற்கு நேர்மாறு: கா, கீ, மேன் எல்லாம் தனிச் சொல்லாக நிற்பதால் எண்ணிக்கை வீங்கும், நேரம் அவ்வளவு வீங்காது. சொல் எண்ணி விலை பேசுகிற மொழிபெயர்ப்பு வேலைக்கு இந்தக் கணக்கு சரி. காதுக்கு எழுதுகிறவர் ஸ்டாப்வாட்சைத்தான் நம்ப வேண்டும். அதையும் மேசையில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது. தெருவில் நடந்தபடி வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு எங்கே வாங்குகிறதோ, அங்கே வாக்கியம் நீளம் என்று அர்த்தம்.

வருஷத்தைப் பாருங்கள். மகால் கட்டிய ஆண்டு 1636. ஆங்கிலத்தில் "சிக்ஸ்டீன் தர்ட்டி சிக்ஸ்", ஐந்து ஒலித்துண்டு. இந்தியில் "சோலஹ் சௌ சத்தீஸ்", அதுவும் ஐந்து. தமிழில் "ஆயிரத்து அறுநூற்று முப்பத்தாறு", பன்னிரண்டு. ஒரு துண்டில் நான்கு வருஷம் வந்தால் தமிழ் கேட்பவருக்கு அது பாடநூலாகிவிடும். தமிழை எழுதிய தோழி நிறுத்தத்துக்கு ஒரு வருஷம்தான் என்று வைத்துக்கொண்டார். மற்ற இடங்களில் "அவர் பேரன் காலத்தில்", "வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தபோது" என்று ஆட்களை வைத்தே காலத்தைச் சொன்னார். அது காதில் நின்றது.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தின் போக்கு. ஆங்கிலம் பொருளை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடும். அதை அப்படியே தமிழாக்கினால் விளக்கம் முழுவதும் முன்னால் வந்து குவியும். எங்கள் முதல் தமிழ்ப் பிரதியில் இருந்த வாக்கியம் இது: "திருமலை நாயக்கர் கட்டியதும், பின்னர் அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் இடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோன பகுதிகளில் தப்பித்ததுமான அரண்மனையின் தூண்கள் இவை." காகிதத்தில் புரியும். நடந்துகொண்டிருப்பவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பத்து விநாடி தேடுவார். "தூண்கள்" என்ற சொல் வரும்போது எதிரே ஒரு டூவீலர் வந்துவிடும். தனியாக எழுதியபோது அது இப்படி ஆனது: "நிமிர்ந்து பாருங்கள். கல்தூண். ஒன்று, இரண்டு... பத்து இருக்கும். இங்கே ஒரு அரண்மனை இருந்தது. கட்டினவர் திருமலை நாயக்கர். அதில் ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனவர் அவருடைய பேரன்." "நிமிர்ந்து பாருங்கள்" என்பதற்குப் பிறகு மூன்று விநாடி மௌனம். அந்த மௌனத்தையும் ஸ்கிரிப்டில் எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பதிவு அறையில் எடிட் செய்கிறவர் அதை வெட்டிவிடுவார். எங்களுக்கு ஒருமுறை வெட்டுப்பட்டது.

வழித் துண்டில் இதே இலக்கணம் தமிழுக்கு லாபமாகிறது. தமிழிலும் இந்தியிலும் வினை கடைசியில் வரும்: "சந்துக்குள் கல்தூண்கள் தெரியும் இடத்தில் திரும்புங்கள்." அடையாளம் முதலில், செயல் பிறகு. நடப்பவருக்கு வேண்டிய வரிசை அதுதான். ஆங்கிலத்தில் இயல்பாக வருவது "டர்ன் இன்டு தி லேன் வென் யூ சீ தி பில்லர்ஸ்". முதல் இரண்டு சொல்லிலேயே ஆள் முந்தின சந்துக்குள் திரும்பிவிடுகிறார். சோதனை நடையில் இரண்டு பேர் ஒரு கிடங்கு வாசலில் போய் நின்றார்கள். தமிழ் வரியை முன்னால் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைத் திருத்தியது அந்த ஓர் இடத்தில்தான்: முதலில் "வென் யூ சீ", அப்புறம் "டர்ன்".

அடுத்தது, யாருக்கு எது தெரியும் என்பது. ஆங்கிலத் துண்டில் நாயக்கர்கள் யார் என்று இரண்டு வரி தேவை. தமிழில் அதே இரண்டு வரியைச் சொன்னால், கேட்பவர் மதுரைக்காரராக இருந்தால் "இது எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று அடுத்த துண்டுக்குத் தாவிவிடுவார். இந்தியில் வேறு விதமான பொறி இருக்கிறது. "நாயக்" என்றால் அங்கே கதாநாயகன்; "மண்டப்" என்றால் கல்யாணப் பந்தல் நினைவுக்கு வரும். புதுமண்டபம் என்றதும் கல்யாண மண்டபத்தைத் தேடுவார்கள். அது கோயிலின் வசந்த மண்டபம், கல்லால் ஆனது என்று முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும். ஆனால் "மகல்" என்பதை இந்திக்காரருக்கு விளக்கவே வேண்டாம். தெருப்பெயர் இன்னொரு தலைவலி. பலகையில் ஈஸ்ட் மாசி ஸ்ட்ரீட் என்று இருக்கும், ஆட்டோக்காரர் கீழமாசி என்பார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் பலகைப் பெயரை முதலில் சொல்லி, உள்ளூர்ப் பெயரை ஒருமுறை சொல்லிவைத்தோம்.

இவ்வளவு சொன்னதால் தனித்தனியாக எழுதுவதில் கஷ்டமே இல்லை என்று ஆகாது. மூன்று பேர் எழுதினால் மூன்று வரலாறு வந்துவிடும். எங்கள் முதல் சுற்றில் ஒரு பிரதியில் மகால் 1636-இல் கட்டப்பட்டது. இன்னொன்றில் 1623 என்று இருந்தது. அது திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த ஆண்டு. மகாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்த கவர்னர் நேப்பியர் ஒரு பிரதியில் கலெக்டர் ஆகிவிட்டார். விளக்குத்தூண் யார் நினைவாக நிற்கிறதோ அந்தப் பிளாக்பர்ன்தான் கலெக்டர். 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தவர். மொழிபெயர்ப்பில் இந்தக் குழப்பம் வராது. பிழை இருந்தாலும் மூன்றிலும் ஒரே பிழையாக இருக்கும், ஒரே இடத்தில் திருத்திவிடலாம். செலவும் குறைவு.

அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை வைத்தோம். நிறுத்தத்துக்கு ஒரு பக்கம். மேலே விநாடிக் கணக்கு. அதன் கீழ் கண் எதில் விழ வேண்டும், எந்த வரிசையில். அதன் கீழ் எண்ணிட்ட உண்மைகள், நான்கு அல்லது ஐந்துக்கு மேல் இல்லை. வாக்கியமே கிடையாது, குறிப்புகள் மட்டும். வாக்கியம் இருந்தால் எழுதுகிறவர் அதை மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவார். எழுதி முடித்த வரிக்குப் பக்கத்தில் உண்மையின் எண்ணைப் போட வேண்டும். எண் இல்லாத வரி வர்ணனை என்று அர்த்தம். நேரம் போதாவிட்டால் முதலில் அதுதான் போகும். தமிழ்ப் பிரதி இந்த வழியில் 66 விநாடிக்கு இறங்கியது, மௌனத்தையும் சேர்த்து.

மகாலில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியும் தமிழ், ஆங்கிலம் என்று தனித்தனியாகத்தான் நடந்து வந்திருக்கிறது. அங்கே கேட்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட வாக்கியத்தை அவர் பொறுத்துக்கொள்வார். அந்த எழுத்து நடையைப் பார்த்து நடைவழிகாட்டிக்கு எழுதப் போனவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் மேல் எனக்கு அனுதாபம்தான், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

தனியாக எழுதத் தேவையில்லாத துண்டுகளும் உண்டு. "ஒரு காதை மட்டும் மூடுங்கள்", "தெருவைக் கடக்கும்போது நிறுத்திவிடுங்கள்", செருப்பு எங்கே விடுவது, டிக்கெட் எங்கே எடுப்பது. இவற்றை மொழிபெயர்த்தே முடித்துவிட்டோம், மூன்றிலும் அரை நாள் வேலை.

கடைசியாக, மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்குள் பேசுகிற மொழி பல இடங்களில் சௌராஷ்டிரம். நாலாவது மொழியாக அதையும் சேர்க்கலாமா என்று அங்கேயே வளர்ந்த நண்பரைக் கேட்டோம். "எங்களுக்குத் தமிழே போதும்ணே. சௌராஷ்டிரத்துல சொல்றதா இருந்தா மகாலைப் பத்திச் சொல்லாதீங்க, எங்க தறியைப் பத்திச் சொல்லுங்க. அதுக்கு இந்த வழியே வேண்டாம், வேற தெரு இருக்கு" என்றார். அந்தத் தெருக்களுக்கு இன்னும் விநாடி எண்ணவில்லை.