பழைய தகடு, புதிய தகடு: ஏசி வெளி யூனிட்டில் எந்த எண்ணை நம்புவது?

இரண்டும் ஒன்றரை டன் ஏசிகள். ஒன்று ஆர்-22 வாயு நிரப்பிய பழைய ஒரே வேக ஏசி. மற்றொன்று அதன் இடத்துக்கு வரும், தேவைக்கேற்ப வேகம் மாறும் ஆர்-32 வாயு இன்வெர்ட்டர் ஏசி. உதாரணத்துக்கு, பழைய வெளி யூனிட்டின் தகட்டில் ரேட்டட் கரண்ட் 7.8 ஆம்பியர், புதியதில் 6.7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். புதியது குறைவாகத்தானே இழுக்கிறது, பழைய வயரே போதும் என்று முடிவெடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இந்த முடிவு தவறாகலாம்.

பழைய கம்ப்ரசர் ஓடினால் முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். அதனால் வழக்கமான வெயிலில் அதன் ரேட்டட் எண்ணும் உண்மையான ஓட்டமும் பக்கத்தில் இருக்கும். இன்வெர்ட்டரில் 6.7 என்பது சோதனை நிலையில் அளந்தது மட்டுமே. கொதிக்கும் பிற்பகலில் அறையை விரைவாகக் குளிர்விக்கும்போது அது வேகத்தைக் கூட்டும். அதே தகட்டில் மேக்ஸ் கரண்ட் 10.5 ஆம்பியர் என்று இன்னொரு வரி இருந்தால், வயரையும், மின்சாரம் மிகுந்தால் துண்டிக்கும் எம்.சி.பி.யையும் அதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வரிகளில் சிறியதைப் பிடித்தால் பிளக்கும் சாக்கெட்டும் மெல்லச் சூடாகிக் கருகும், எம்.சி.பி. தாமதமாகவே விழும், சில நேரம் விழவே விழாது.

அழுத்த வரியில் குழப்பம் இன்னும் பெரிது. உயர் அழுத்தப் பக்கம் 4.2 மெகாபாஸ்கல் என்று ஆர்-32 தகட்டில் போட்டிருந்தால், அது சுமார் 610 பிஎஸ்ஐ. இது வாயு நிரப்பும் இலக்கு இல்லை. குழாயும் இணைப்புகளும் தாங்க வேண்டிய எல்லை. நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்கும்போதும் தயாரிப்பாளர் சொல்லாமல் இதைத் தாண்டக் கூடாது. கண்டென்சரில் வாயு 50 டிகிரி செல்சியஸில் திரவமாகும்போது, கேஜில் ஆர்-22 சுமார் 1.8 மெகாபாஸ்கல் காட்டும். ஆர்-32 சுமார் 3 காட்டும். பழைய மெல்லிய செம்புக் குழாயைப் புதிய யூனிட்டுக்கு அப்படியே விட எனக்கு மனம் வராததற்கு இந்த இடைவெளியே காரணம். குழாயின் தடிமனை அளந்து, இணைப்புக்காக விரிக்கும் ஃபிளேர் முனைகளைப் புதிதாகப் போட்ட பிறகே அதைப் பற்றி யோசிப்பேன்.

அழுத்தத்தை மட்டும் பார்த்து வாயுவின் பெயரை ஊகிக்கவும் முடியாது. ஆர்-410ஏ என்ற இன்னொரு வாயுவின் தகட்டிலும் ஏறக்குறைய அதே எல்லைதான் இருக்கும். ஆனால் ஆர்-32 மிதமாகத் தீப்பற்றும், ஆர்-410ஏ பற்றாது. ஆகவே வாயுவின் பெயரும் எடையும் உள்ள வரியை முதலில் படியுங்கள்.

அந்த எடைக்கு இன்வெர்ட்டரில் தனி மதிப்பு உண்டு. பழைய யூனிட்டில் உறிஞ்சு பக்க கேஜ் 65, 70 பிஎஸ்ஐ காட்டும்வரை நிரப்புவார்கள். இன்வெர்ட்டரில் வேகம் மாற மாற அந்த முள்ளும் நகரும், அப்படி நிரப்பினால் அளவு தவறும். கசிவை அடைத்து, வெற்றிடம் இழுத்து, தகட்டில் 0.9 கிலோ என்றிருந்தால் தராசில் 0.9 கிலோ எடைபோட்டு நிரப்புவதே சரி. குழாய் வழக்கமான நீளத்தைத் தாண்டினால் கூடுதல் கிராம் எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.