30 சதவீத ஃப்ளை ஆஷ்: தண்ணீரை நிலையாக வைப்பதா, ஸ்லம்ப்பை நிலையாக வைப்பதா?

கான்கிரீட்டின் சிமென்ட்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, நிலக்கரி எரித்து வரும் சாம்பலான ஃப்ளை ஆஷ் போட்டு, வலிமை பார்க்க கியூப் உடைக்கும் இறுதியாண்டு அறிக்கைகளில், செய்முறைப் பகுதி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: “சிமென்ட் எடையில் 30 சதவீதம் மாற்றப்பட்டது.” மற்றதெல்லாம் அப்படியே இருந்ததா என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். மாற்றும்போது எதை நிலையாகப் பிடித்துக்கொள்வது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் சரியான வழிகள்தான். ஆனால் அவை இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட், 180 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45. முதல் வழியில் சிமென்ட் 280, ஃப்ளை ஆஷ் 120, தண்ணீர் அதே 180. சிமென்ட்டும் சாம்பலும் சேர்ந்த மொத்தத்துக்கு விகிதம் மாறவில்லை. சாம்பல் துகள்கள் பெரும்பாலும் உருண்டையாக இருப்பதால் கலவை இளகி, அந்த இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் பொதுவாகக் கூடும். இரண்டாவது வழியில் அந்த இளக்கத்தைத் தண்ணீரைக் குறைத்துச் சமன் செய்கிறோம். 168 லிட்டரிலேயே பழைய ஸ்லம்ப் கிடைத்தால் விகிதம் 0.42.

இரண்டாவதில் வலிமை முதல் வழியைவிடக் கூடியே வரும். அந்த வலிமையில் எவ்வளவு சாம்பலின் வேதிவினையால் வந்தது, எவ்வளவு குறைந்த தண்ணீரால் வந்தது? அந்த கியூபை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தளத்தில் வேலை செய்பவருக்கு இந்தப் பிரிப்பு தேவையில்லை. அதே ஸ்லம்ப்பில் என்ன வலிமை கிடைக்கிறது என்பதே அவருடைய கேள்வி. மாணவர் அறிக்கையின் தலைப்பு ‘ஃப்ளை ஆஷின் விளைவு’ என்றால் முதல் வழிதான் பொருத்தம் என்பது என் கருத்து. இரண்டையும் கலப்பதுதான் மோசம். 10, 20 சதவீதக் கலவைகளில் தண்ணீரை மாற்றாமல், 40 சதவீதத்தில் கலவை ஓட்டமாக இருக்கிறதே என்று கையால் கொஞ்சம் குறைத்துவிட்டால், வரைபடத்தில் கடைசிப் புள்ளி காரணமில்லாமல் மேலே ஏறி நிற்கும். ஸ்லம்ப் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடும்: சாம்பல் கூடக் கூட ஏறிவந்த ஸ்லம்ப் அங்கே மட்டும் இறங்கியிருக்கும். ஸ்லம்ப் இறங்கியிருந்தாலே தண்ணீர் குறைந்தது என்றும் சொல்லிவிட முடியாது. எரியாத கரி அதிகமுள்ள சாம்பலும் கலவையை இறுக்கிவிடும். அதன் கறுத்த நிறம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

முதல் வழிக்கும் ஒரு கணக்குத் திருத்தம் வேண்டும். சிமென்ட்டின் ஒப்படர்த்தி 3.15, சாம்பலுக்கு 2.2 அளவில். எடுத்த 120 கிலோ சிமென்ட் 38 லிட்டர் இடம் பிடித்தது. போட்ட 120 கிலோ சாம்பல் சுமார் 54.5 லிட்டர் பிடிக்கும். கூடுதலாக வந்த 16.5 லிட்டரை மணலில் கழிக்க வேண்டும். மணலின் ஒப்படர்த்தி 2.65 என்றால் அது ஏறக்குறைய 44 கிலோ. கழிக்காவிட்டால் ஒரு கன மீட்டருக்கான கலவை 1016 லிட்டராகப் பெருகும். அறிக்கையில் எழுதும் 280 கிலோ சிமென்ட் உண்மையில் 276 கிலோவுக்குக் கீழேதான் இருக்கும்.

அப்புறம் பகுப்பாய்வு. 28 நாள் எண்ணை மட்டும் ஒப்பிட்டு “வலிமை 17 சதவீதம் குறைந்தது” என்று முடிப்பது ஒரு வழி. மூன்று வயதுகளில் உடைத்து, சாம்பல் வெறும் தூளாகவே இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. எடுத்துக்காட்டுக்கு, சாம்பல் இல்லாத கலவை 7, 28, 90 நாள்களில் 34, 48, 54 மெகாபாஸ்கல். 30 சதவீதக் கலவை 24, 40, 53 என்று கொள்வோம். முதல் வரிசையில் 70 சதவீதம் எடுத்தால் 23.8, 33.6, 37.8. அதாவது 7 நாளில் சாம்பல் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை. 28-இல் 6 மெகாபாஸ்கலுக்கு மேலும், 90-இல் 15 மெகாபாஸ்கலும் கூடுதலாகத் தந்திருக்கிறது. சிமென்ட் நீரேற்றத்தில் உருவாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு இருந்தால்தான் சாம்பலின் சிலிக்கா வினைபுரியும். அந்த வினையும் மெதுவானது. அதனால்தான் இந்தத் தாமதம். கியூபை 28 நாளோடு தண்ணீரிலிருந்து எடுத்து உலரவிட்டால் 90 நாள் எண் இப்படி வராது.

70 சதவீதம் என்பது தோராயக் கோடுதான். சரியாகப் பிரிக்க வேண்டுமென்றால், வினைபுரியாத குவார்ட்ஸ் தூளைச் சாம்பலின் நுண்மைக்கு அரைத்து, அதே இடத்தை நிரப்பும் அளவில் போட்டு ஒரு தொகுதி வார்க்க வேண்டும். நேரமும் அச்சும் இருந்தால் 10, 15 சதவீதம் என்று நெருக்கமான படிகளைக் கூட்டுவதைவிட இந்தத் தொகுதி பயனுள்ளது.

நெருக்கமான படிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே தொகுதியின் மூன்று கியூப்கள் 38.5, 40.1, 41.4 என்று வருவது சாதாரணம். அந்தச் சிதறலில் 10 சதவீதக் கலவை 15 சதவீதத்தைவிட 1 மெகாபாஸ்கல் கூடுதல் என்பதை வைத்து ‘உகந்த அளவு 10 சதவீதம்’ என்று எழுத முடியாது. சராசரியோடு மூன்று தனி எண்களையும் அட்டவணையில் கொடுத்துவிட்டால், அந்த வித்தியாசத்தை நம்பலாமா என்பதைப் படிப்பவரே பார்த்துக்கொள்வார்.