22 ஓமா, 100 ஓமா: சி.டி.க்கு எந்த பர்டன் ரெசிஸ்டர்?

100 ஆம்பியர் ஓடினால் 50 மில்லி ஆம்பியர் தரும் கிளிப் வகை கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை, சுருக்கமாக சி.டி.யை, எடுத்துக்கொள்வோம், அதாவது செகண்டரியில் 2000 சுற்று. அது தருவது கரண்ட்தான். அதை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.க்கு வேண்டியது வோல்ட். நடுவில் ஒரு பர்டன் ரெசிஸ்டரைப் போட்டால் முடிந்தது, ஆனால் எத்தனை ஓம் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. பெரும்பாலும் 22 அல்லது 100.

100 ஓம்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரை ஆம்பியர் லோடு என்றால் செகண்டரியில் வருவது கால் மில்லி ஆம்பியர். 22 ஓமில் அது 5.5 மில்லிவோல்ட், 3.3 வோல்ட், 10 பிட் ஏ.டி.சி.யில் ஒரு படியே 3.2 மில்லிவோல்ட் என்பதால், மேலிருந்து கீழ்வரை மொத்த அலையும் ஐந்து படிக்குள் அடங்கிவிடும். அதை அளவு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். 100 ஓம் போட்டால் அதே அலை 22 படி ஏறி இறங்குகிறது.

ஆனால் மேல் முனையைப் பாருங்கள். அலையின் நடுக்கோட்டை 1.65 வோல்ட்டில் பயஸ் வைத்திருந்தால் 100 ஓம்காரருக்கு சுமார் 23 ஆம்பியரிலேயே ஏ.டி.சி. தலை தட்டிவிடும், 22 ஓமுக்கோ 106 ஆம்பியர் வரை இடம் உண்டு.

சரி, கோர் எங்கே செறிவடைகிறது, அதாவது இதற்கு மேல் காந்தப்புலம் ஏற்காமல் நின்றுவிடுகிறது? இங்கேதான் பலரும் பர்டனை மட்டும் பார்த்துவிட்டு, செகண்டரிக் கம்பியின் சொந்தத் தடையை மறந்துவிடுகிறார்கள். செகண்டரி கரண்ட் இரண்டு தடைகளின் வழியாகவும் ஓட வேண்டும், அதற்குத் தேவையான மொத்த வோல்ட்டையும் கோர்தான் உண்டாக்க வேண்டும். அதன் உச்ச வரம்பு இது:

```
V = 4.44 × f × N × A × B
```

உதாரணத்துக்கு 50 ஹெர்ட்ஸ், 2000 சுற்று, கோரின் குறுக்குப் பரப்பு 0.5 சதுர செ.மீ., ஃபெரைட்டுக்கு 0.3 டெஸ்லா என்று வைத்தால் 6.7 வோல்ட் கிடைக்கும். கம்பித் தடை 100 ஓம் என்றால், 22 ஓம் பர்டனோடு மொத்தம் 122. கோர் 109 ஆம்பியர் வரை தாங்கும். 100 ஓம் போட்டால் மொத்தம் 200, வரம்பு 67 ஆம்பியருக்கு இறங்கும். பர்டன் நாலரை மடங்கு ஏறியும் வரம்பு பாதிக்குக்கூடக் குறையவில்லை, கம்பித் தடை ஏற்கெனவே பெரும்பங்கைத் தின்றுவிட்டதுதான் காரணம். அதனால்தான் 10 ஓமுக்கு இறக்கி ஆம்ப் வைப்பதிலும் பெரிய லாபமில்லை, வரம்பு 121 ஆம்பியர்தான் ஆகிறது.

அப்போ 100 ஓமில் கோர் செறிவடையும் முன்பே ஏ.டி.சி. வெட்டிவிடுகிறதே, பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். இரண்டு கவலை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது 90 ஆம்பியர் இழுத்தால் பர்டனில் பல வோல்ட் ஏறி ஏ.டி.சி. பின்னின் பாதுகாப்பு டயோடு வழியே கரண்ட் பாயும். இன்னொன்று, செறிவுக்கு வெகு கீழேயே வரும் கோணப் பிழை, அதாவது செகண்டரி அலை லோடு கரண்ட்டைவிடச் சற்று முந்துவது. கோரின் காந்தமாக்கும் இண்டக்டன்ஸ் 20 ஹென்றி என்றால் 50 ஹெர்ட்ஸில் அது 6283 ஓம். 122 ஓமுக்கு 1.1 டிகிரி, 200 ஓமுக்கு 1.8 டிகிரி முந்தல். ஆம்பியர் மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. ஆனால் பவர் ஃபேக்டர் 0.5 உள்ள லோடில் வாட்டை அளந்தால் முறையே 3.4, 5.5 சதவீதம் பிழை. மென்பொருளில் திருத்தலாம்தான், ஆனால் கோரின் பெர்மியபிலிட்டி எல்லா கரண்ட்டிலும் ஒன்றாக இருக்காது, ஆகவே ஒரே திருத்தம் எங்கும் பொருந்தாது. பிழை சிறியதாக இருந்தால் அதன் ஆட்டமும் சிறியது.

ஏ.டி.சி. வெட்டுவதையும் கோர் செறிவடைவதையும் ஸ்கோப்பில் பிரித்தறிவது சுலபம். அலையின் உச்சி நடுவில் சமமாக மொட்டையடித்திருந்தால் அது ஏ.டி.சி. அல்லது ஆம்ப் வெட்டியது. உச்சி தாண்டியபின், அரைச் சுற்று முடிவதற்குள் அலை பொத்தென்று விழுந்தால் அது கோர். வோல்ட் சேரச் சேரத்தான் ஃப்ளக்ஸ் ஏறுகிறது, அதன் உச்சம் வோல்ட் சுழியாகும் இடத்தில் வருகிறது; அதனால் கோர் முதலில் கைவிடுவது வால் பக்கத்தைத்தான்.

ஸ்கோப் இல்லையா? லோடு கம்பியை கிளிப்புக்குள் ஐந்து சுற்று விட்டால் 15 ஆம்பியரே 75 ஆம்பியராகத் தெரியும். இப்போது ஏ.டி.சி.யைக் கழற்றிவிட்டு, பர்டன் முனையில் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரை வைத்து அளந்துவிட்டு, அதே மதிப்புள்ள இன்னொரு ரெசிஸ்டரை இணையாகப் போடுங்கள். வோல்ட் சரிபாதியானால் கோர் நலம். பாதிக்கு மேல் நின்றால் முதல் அளவின்போது கோர் செறிவில் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும், ரெசிஸ்டரைச் சேர்க்கலாம், கரண்ட் ஓடும்போது கழற்றக்கூடாது. செகண்டரி திறந்துவிட்டால் ஆபத்தான வோல்ட் ஏறக்கூடும்.

என் தேர்வு: மொத்த லைனுக்கு 22, அதுவும் 12 பிட் ஏ.டி.சி.யோடு. 20 ஆம்பியரைத் தாண்டவே தாண்டாத, மோட்டார் இல்லாத ஒற்றைச் சர்க்யூட்டுக்கு 100 தாராளமாகப் போடலாம். ஆனால் லோடு அரை அலை மட்டும் இழுப்பதாக இருந்தால், அதன் டி.சி. பங்கு பர்டன் வழியே வராமல் நேராகக் கோரில் உட்கார்ந்துவிடும், அங்கே எந்த ஓமும் கைகொடுக்காது. ஷண்ட்டோ ஹால் சென்சாரோதான்.