“மீளளிப்பு எடுத்துத் தருகிறோம்” என்பவர்களிடம் வரிக்கணக்கைக் கொடுக்காதீர்கள்: 45,000 ரூபா போனது

கிளிநொச்சி மாவட்டத்தில் சிறு வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். வருமான வரி விபரத்திரட்டை நிரப்பித் தருவதாகச் சொல்லும் ஓர் ஒன்லைன் சேவை நிலையத்தில் நான் 45,000 ரூபாவை இழந்திருக்கிறேன். அது தொலைபேசி மீள்நிரப்பல், போட்டோப் பிரதி, கடவுச்சீட்டு விண்ணப்பம் போன்றவற்றோடு சேர்த்து வரி வேலையையும் செய்யும் கடை. பெயரை இங்கே எழுதவில்லை.

2023ஆம் ஆண்டு பரந்தனில் நீர்ப்பம்பி உதிரிப்பாகங்களும் குழாய்களும் விற்கும் கடையைத் திறந்தேன். 2023 ஏப்ரல் 1 தொடக்கம் 2024 மார்ச் 31 வரையான மதிப்பீட்டு ஆண்டில் செலவெல்லாம் போக 15 இலட்சம் ரூபா இலாபம் வந்தது. வங்கியில் கிடந்த நிலையான வைப்புக்கு 2 இலட்சம் ரூபா வட்டி கிடைத்தது. அந்த வட்டியில் 5 வீதத்தை, அதாவது 10,000 ரூபாவை, வங்கி முற்கூட்டியே வரியாகக் கழித்துக்கொண்டு அதற்குச் சான்றிதழும் தந்தது.

2024 செப்டெம்பரில் அந்த நிலையத்திற்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். எனது அடையாள அட்டையை வாங்கி, ரின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்திற்கு விண்ணப்பித்தவரும் அவர்தான். ஒன்பது இலக்கங்களும் வந்தபின், கணினித் திரையை என் பக்கம் திருப்பி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இலச்சினைக்குக் கீழே எனது முழுப்பெயர் இருப்பதைக் காட்டினார். அரசாங்கத்தின் பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் நம்பிக்கை வந்துவிட்டது. “அண்ணை, வரி 30,000 வருது, அதை நான் கட்டிவிடுறன். பாங்க் வெட்டின 10,000ஐயும் திருப்பி எடுத்துத் தாறன். மூண்டு மாதத்தில உங்கட கணக்குக்கு வரும், அதுக்கு நான் பொறுப்பு” என்றார். வரிக்கு 30,000, அவருடைய கூலி 15,000, மொத்தம் 45,000 ரூபாவைக் காசாக எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு துண்டு கிழித்துத் தந்தார். அதில் தொகையும் கையொப்பமும் இருந்தன. ரின் இலக்கமோ வங்கியின் முத்திரையோ இல்லை.

அதன்பின் காலபோக விதைப்புத் தொடங்கி, பம்பி திருத்துவோர் கூட்டத்தில் கடை நிறைந்துவிட்டது. தைப்பொங்கலுக்குப் பிறகும் பணம் வராததால் கேட்கப் போனேன். “சிஸ்டம் டவுன் அண்ணை” என்றார். அடுத்த முறை, கோப்பு கொழும்பில் பெரியவருடைய மேசையில் இருக்கிறது என்றார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசியாக நேரில் போனபோது வேறொரு பிள்ளை இருந்தார். “அவர் இப்ப இஞ்ச வேலை செய்யிறதில்லை, எங்களுக்கு ஒண்டும் தெரியாது” என்று அந்தப் பிள்ளை சொல்லும்போதே, உள்ளறையில் கடை முதலாளி திரைச்சீலையை இழுத்து மூடியதை நான் பார்த்தேன். 45,000 ரூபா கொடுத்தவனுக்கு ஒரு நாற்காலிகூடத் தரப்படவில்லை.

பிறகு, 2025இல், வவுனியாவில் உள்ள ஒரு வரி ஆலோசகரிடம் போனேன். என் விபரங்களோடு இணையக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, விபரத்திரட்டு அனுப்பப்படவில்லை என்பதும் ஒரு சதம்கூடக் கட்டப்படவில்லை என்பதும் தெரியவந்தன. பதிவில் இருந்த மின்னஞ்சலும் கைத்தொலைபேசி இலக்கமும் அந்த இளைஞருடையவை. ஆகவே திணைக்களம் எனக்கு எதை அறிவித்திருந்தாலும் அது அவருக்கே போயிருக்கும்.

அந்த ஆலோசகர் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் ஒரு பக்க நினைவூட்டலை எனக்கும் தந்தார். 2024/2025 மதிப்பீட்டு ஆண்டுக்கான வரியின் இறுதிக் கொடுப்பனவை 2025 செப்டெம்பர் 30க்கு முன்னரும், விபரத்திரட்டை 2025 நவம்பர் 30க்கு முன்னரும் முடிக்க வேண்டும் என்றும், நடப்பு ஆண்டுக்கான தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் வருகின்றன என்றும் அதில் தெளிவாக இருந்தது. அடியில் ஒரு வசனம்: “மீளளிப்புக் கிடைக்கும் என்று நாம் எவருக்கும் உறுதி கூறுவதில்லை, கூடுதலாகக் கட்டியிருந்தால் கோரலாம், அதைத் தீர்மானிப்பது திணைக்களமே.”

ஏன் அப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். என் கணக்கையே எடுத்துக் காட்டினார். இலாபமும் வட்டியும் சேர்த்து 17 இலட்சம். அந்த ஆண்டில் வரி விதிக்கப்படாத 12 இலட்ச நிவாரணத்தைக் கழித்தால் 5 இலட்சம் மிஞ்சும். அதற்கு 6 வீதப்படி வரி 30,000 ரூபா. வங்கி கழித்த 10,000 ரூபா இந்த 30,000க்குள் வரவு வைக்கப்படும். ஆகவே நான் கட்ட வேண்டியிருந்தது 20,000 மட்டுமே. 30,000ஐ முழுதாகக் கட்டிவிட்டு 10,000ஐத் திருப்பி எடுப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு வாக்களிக்கப்பட்ட மீளளிப்பு கணக்கிலேயே இல்லாத ஒன்று. வருமானம் நிவாரண எல்லைக்குள் இருந்து, வட்டியில் வரி வெட்டப்பட்டவருக்குத்தான் கோர ஏதாவது இருக்கும். அவரும் விபரத்திரட்டை அனுப்பி, வங்கிச் சான்றிதழைக் காட்டி, பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். இதை ஒருவர் உங்கள் ஆவணங்களைப் பார்க்குமுன்னரே “எடுத்துத் தாறன்” என்றால், அவர் உங்கள் காசைத்தான் எடுக்கப் போகிறார்.

இழப்பு 45,000 ரூபாவோடு நிற்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். விபரத்திரட்டு பிந்தினால், வரித்தொகையின் 5 வீதமும் மாதத்துக்கு மேலும் 1 வீதமும் ஒரு கணக்கு. 50,000 ரூபாவும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும் இன்னொரு கணக்கு. இரண்டில் எது கூடவோ அதுவே தண்டப்பணம், உச்ச வரம்பு 4 இலட்சம். என்னைப் போன்ற சிறு வியாபாரிக்கு இரண்டாவதே வந்து விழும். எட்டு மாதம் பிந்தினால் 20,000 ரூபா வரிக்கு 1,30,000 ரூபா தண்டம் வரை போகலாம். கட்டாத வரிக்கு வட்டி வேறு. காரணம் காட்டித் தண்டத்தைக் குறைக்கும்படி கேட்டு எழுதலாம் என்று ஆலோசகர் சொன்னார். அதற்கும் அவர் உறுதி தரவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன்.

செப்டெம்பருக்கு முன்னர் செய்யவேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். வரிப் பணத்தைக் காசாக எவர் கையிலும் கொடுக்க வேண்டாம். உங்கள் ரின் இலக்கம் எழுதிய கொடுப்பனவுச் சீட்டோடு நீங்களே வங்கியில் கட்டி, முத்திரை இட்ட பிரதியை வாங்கி வைத்திருங்கள். ரின் பதிவில் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலுமே இருக்க வேண்டும், கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்க வேண்டும். விபரத்திரட்டை அனுப்பியதற்கான ஏற்பு அறிவித்தலை அச்செடுத்துத் தராதவருக்குக் கூலி கொடுக்காதீர்கள். நிவாரணம் 18 இலட்சமாக உயர்ந்தது 2025 ஏப்ரல் 1 இலிருந்துதான்; அதற்கு முந்திய 2024/2025 மதிப்பீட்டு ஆண்டுக்கு எல்லை 12 இலட்சமே. “18க்குள்ளதானே, தேவையில்லை” என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வங்கிகள் வட்டியில் கழிக்கும் வரியும் அதே நாளிலிருந்து 10 வீதமாகிவிட்டதால், மீளளிப்பு ஆசை காட்டுகிறவர்கள் இன்னும் கூடத்தான் போகிறார்கள். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.